நீர்ச் சுழற்சி: ஆறாம் வகுப்புப் பாடக்குறிப்பு (80 நிமிடம்)

வெந்நீர் டம்ளரை எவர்சில்வர் தட்டால் மூடி, மேலே ஐஸ் கட்டி வைக்கவும். தட்டின் அடியில் கோத்து நிற்கும் துளிகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம்தான் ஆவியாதல், ஆவி சுருங்குதல் என்ற பெயர்கள்.

கும்மி தட்டிப் பாட:

வெயிலு காய்ச்சக் கடல் ஆவியாச்சு – அது
மேலே குளிர்ந்ததும் மேகமாச்சு
மேகம் கனத்து மழையுமாச்சு – அது
ஆத்தோட ஓடிக் கடலுமாச்சு

பிறகு குழுவுக்கு ஒரு சார்ட். வட்டமாக அம்புக்குறி போட்டு வரையட்டும். மழை முழுவதையும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள், "கிணற்றுக்குத் தண்ணீர் எப்படி வந்தது?" என்று கேட்டால் நிலத்தடி நீரும் படத்தில் ஏறும். இலைகளின் நீராவிப்போக்கையும் சேர்க்கவும். மேகம் வெறும் ஆவி அல்ல, நுண்துளிகளும் பனித்துகள்களும் என்பதை இங்கே சொல்லவும்.

மதிப்பீடு: ஓர் அம்புக்குறியைத் தலைகீழாக வரைந்து, தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லவும்.