18 மாச பெண் குழந்தை, எடை ஏறல: சார்ட் பிளாட் பண்ணதும் அம்மா, அப்பத்தாகிட்ட பேசினதும்

புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்த குழந்தை. முதல் குழந்தை, பிரசவம் நார்மல். டிபிடி பூஸ்டர், எம்ஆர் ரெண்டாவது டோஸ், வைட்டமின் ஏ எல்லாம் இன்னைக்கு குடுத்தாச்சு.

எடை 7.9 கிலோ. கொலுசு, அரைஞாண், டயபர் எல்லாத்தையும் கழட்டிட்டு ரெண்டு தடவ போட்டு பார்த்தேன், ரெண்டுலயும் அதே தான். படுக்க வச்சு எடுத்த நீளம் 75.2 செ.மீ., புஜச் சுற்றளவு 12.8 செ.மீ. ரெண்டு பாதத்துலயும் அழுத்திப் பார்த்தாச்சு, வீக்கம் இல்ல.

பழைய எடை எல்லாம் அட்டைல இருந்துச்சு ஆனா சார்ட்ல புள்ளி வைக்கல, இன்னைக்கு பென்சில்ல எல்லாத்தையும் வச்சு கோடு இழுத்துட்டேன். பிறந்தப்ப 2.8, 6 மாசத்துல 6.6, 9ல 7.3, 12ல 7.5, 15ல 7.8, இப்ப 7.9. 9 மாசம் வரைக்கும் மைனஸ் 1 கோட்டு ஓரமாவே அழகா ஏறியிருக்கு, அதுக்கப்புறம் படுத்துருச்சு. இந்த வயசுல மைனஸ் 2 கோடு 8.1, அதுக்கு கீழ வந்ததால இன்னைக்கு தான் முதல் தடவையா மஞ்சள்ல விழுது, ஆனா பிரச்சனை 9 மாசத்துலயே ஆரம்பிச்சிருச்சு, அடுத்து யாரு பார்த்தாலும் கலர மட்டும் பார்க்காம கோடு போற திசைய பாருங்க. நீளத்துக்கு ஏத்த எடை மைனஸ் 1க்கும் மைனஸ் 2க்கும் நடுவுல இருக்கு, புஜம் 12.5க்கு மேல, அதனால என்ஆர்சி ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப தேவையில்ல. நீளமும் மைனஸ் 2 கோட்டுக்கு கொஞ்சம் தான் மேல, அதையும் விட்டுறக்கூடாது.

9 மாசத்துல என்ன மாறுச்சுன்னு கேட்டேன். அப்பதான் அம்மா திரும்ப நூறு நாள் வேலைக்கு போக ஆரம்பிச்சிருக்காங்க, பகல்ல அப்பத்தா தான் பார்த்துக்கறாங்க. நேத்து சாப்பிட்டது: காலைல டீயும் ரெண்டு பிஸ்கட்டும், அப்புறம் அரை இட்லி சீனி தொட்டு, மதியம் ரசத்துல கரைச்ச சோறு நாலு வாய், சாயங்காலம் 5 ரூவா சிப்ஸ் பாக்கெட், ராத்திரி பால் சோறு கொஞ்சம். தாய்ப்பால் ராத்திரி மட்டும். பருப்பு, முட்டை, எண்ணெய் எதுவும் இல்ல. அங்கன்வாடி சத்துமாவு வீட்டுல இருக்கு, இனிப்பா கஞ்சி காய்ச்சி பெரியவங்க குடிக்கிறாங்களாம். போன ரெண்டு மாசத்துல ரெண்டு தடவ வயித்தால போயிருக்கு, அப்பல்லாம் சோறே குடுக்காம வச்சிருக்காங்க, தொக்கம் எடுக்கவும் கூட்டிட்டு போயிருக்காங்க. காய்ச்சல் இல்ல, வீட்டுல யாருக்கும் நாள்பட்ட இருமல் இல்ல, குழந்தை நடக்குது, நாலஞ்சு வார்த்தை பேசுது. கண்ணு வெளுப்பா இருந்துச்சு, ஹீமோகுளோபின் 9.6. டாக்டர் பார்த்துட்டு அயர்ன் சிரப் தினமும் எழுதியிருக்காங்க, மலம் கருப்பா போகும் பயப்பட வேணாம்னு சொல்லிட்டேன்.

"இவ அப்பனும் சின்னதுல இப்பிடித்தேன் ஒல்லியா கெடந்தான்"னு அப்பத்தா சொன்னாங்க. நான் மறுத்து பேசல, சார்ட்ட அவங்க மடில வச்சு 9 மாசம் வரைக்கும் விரல வச்சு கோட்டு மேலயே ஏத்திட்டு வர சொன்னேன், அதுவரைக்கும் நல்லா வளர்ந்த புள்ளதான அப்பத்தா, ஒல்லி உடம்பா இருந்தா அப்பவே இருந்திருக்கணும்லனு கேட்டதும் அவங்களே "அப்ப சோறு பத்தலையோ"ன்னாங்க. அம்மா அழுதாங்க. வேலைக்கு போறது தப்பில்லன்னு அவங்ககிட்ட தெளிவா சொன்னேன், அடுத்து பார்க்கறவங்களும் தயவுசெஞ்சு அந்த பேச்ச எடுக்காதீங்க.

இங்கயே சோறு, பருப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் கெட்டியா பிசைஞ்சு காட்டினேன். ஸ்பூன சாய்ச்சா வழியக்கூடாது, அது தான் அளவு. அப்பத்தா ஊட்ட ஊட்ட பாப்பா அரை கிண்ணம் சாப்பிட்டுச்சு, அவசரப்படுத்தாம வாய் காலியான அப்புறம் தான் அடுத்த வாய்.

ஒத்துக்கிட்டது இதெல்லாம். டீ, சிப்ஸ் நிறுத்தறது, சிப்ஸுக்கு ஆகுற காசுல முட்டை வாங்கி தினம் ஒன்னு. தனி கிண்ணத்துல மூணு நாலு வேளை சாப்பாடு, இடைல சத்துமாவு உருண்டையோ வாழைப்பழமோ, கிண்ணம் முக்காலாவது காலியாகணும். அம்மா வேலைக்கு கிளம்பறதுக்கு முன்னாடியும் வந்ததும் தாய்ப்பால். ஊட்டறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவறது. வயித்தால போனா சோத்த நிறுத்தாம ஓஆர்எஸ் குடுத்து, ஜிங்க் மாத்திரை 14 நாளைக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்ய முடியாது, டீய நிறுத்தி கெட்டி சோறு குடுக்கறது மட்டும் நாளைக்கே ஆரம்பிக்கறேன்னு அப்பத்தா சொல்லியிருக்காங்க, அது போதும் இப்போதைக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு புதன்கிழமை இதே தராசுல எடை, அப்பத்தாவும் கூட வரணும். நடுவுல அங்கன்வாடி அக்கா மதிய சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவ வீட்டுக்கு போய் கிண்ணத்த பார்த்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒரு மாசத்துலயும் எடை ஏறலன்னாலோ, புஜம் 12.5க்கு கீழ போனாலோ பிஹெச்சி டாக்டர்கிட்ட அனுப்பணும், 11.5க்கு கீழ போனாலோ, கால் வீங்கினாலோ, சாப்பிடவே மறுத்தாலோ அன்னைக்கே.