மகேஸ் ஸ்காலர்ஷிப் விஷயம், அக்காவுக்கும் அத்தானுக்கும்

அக்கா, நீ நேத்து அனுப்புன நோட்டீஸ் போட்டோவ பெருசு பண்ணி ரெண்டு தடவ படிச்சுட்டேன். போன்ல சொன்னா பாதி மறந்துரும்னு தான் டைப் பண்ணுதேன், பெருசா இருக்கும், அத்தான் வேலை முடிஞ்சு வந்ததும் அவங்களுக்கும் வாசிச்சு காட்டு, ஏன்னா இதுல ஒரு விஷயம் அவங்களுக்கு தான்.

முதல்ல சந்தோஷமான சேதி. மகேஸ் பாஸ் பண்ணது NMMS, ஸ்கூல்ல எட்டாவதுல வச்சாங்களே, மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வின்னு, அது தான். இது சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்காலர்ஷிப், 2008ல ஆரம்பிச்சது. வருஷத்துக்கு 12,000 ரூபா, அதாவது மாசம் 1000 கணக்கு, 9ல இருந்து 12 முடியுற வரைக்கும், ஆக மொத்தம் 48,000. ஆனா மொத்தமா ஒரே தடவ கையில குடுக்க மாட்டாங்க, வருஷா வருஷம் தான் அக்கவுண்ட்ல விழும், அதுக்கும் வருஷா வருஷம் நம்ம அப்ளை பண்ணனும். பாஸ் பண்ணியாச்சு இனி தானா வந்துரும்னு நினைச்சு விட்டவங்க தான் நிறைய.

இப்ப வருமானம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒன்றரை லட்சத்துக்கு மேல இருந்தா கிடையாதுன்னு சொன்னாங்கன்னு பயந்தியே, அது பழைய கணக்கு. இப்ப 3,50,000. அம்மா அப்பா ரெண்டு பேரோட வருஷ வருமானமும் சேத்து, எல்லா வழியிலயும் வர்றது சேத்து, மூன்றரை லட்சத்துக்கு மேல போகக்கூடாது, அவ்வளவு தான். நம்ம கணக்க பாரு, அத்தானுக்கு கொத்தனார் வேலை ஒரு நாள் 900, மழை, வேலை இல்லாத நாள், கல்யாணம் காச்சி எல்லாம் கழிச்சா மாசத்துக்கு பதினாறு பதினேழு நாள் தான், தாராளமா போட்டாலும் மாசம் 15,000, வருஷம் 1,80,000. உனக்கு பீடியில மாசம் 3000ன்னு வை, 36,000. மொத்தம் 2,16,000. லிமிட்டுக்கு இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல இடம் கிடக்கு.

அதனால தான் சொல்லுதேன், யாரோ அத்தான்கிட்ட 72,000னு போட்டு வாங்கிருங்க அப்ப தான் சேஃபுன்னு சொன்னாங்களாமே, அது வேண்டவே வேண்டாம். தேவையே இல்லாத பொய் அது. உள்ளத உள்ளபடி சொன்னாலே நமக்கு கிடைக்கும், அப்புறம் எதுக்கு வில்லேஜ் ஆபீசர் முன்னாடி போய் முழிக்கணும். நாளைக்கு பேங்க்ல வீட்டு லோன் கேட்டு போனா வேற வருமானம் காட்டணும், இது ஒரு பக்கம் அது ஒரு பக்கம்னு நிக்கும். ரேஷன் கார்டு எந்த கலர், எந்த வகைன்னு எல்லாம் இதுக்கு பாக்க மாட்டாங்க, வருமான சான்றிதழ் தான் கணக்கு.

அந்த சான்றிதழ் எழுதி குடுக்குற பேப்பர் இல்ல, தாசில்தார் ஆபீஸ்ல இருந்து ஆன்லைன்ல வர்றது, கீழ QR கோடு இருக்கும். இ-சேவை மையத்துல போய் வருமான சான்று வேணும்னு சொல்லு, அவங்க REV-103னு சொல்லுவாங்க, 60 ரூபா கட்டணம். அத்தான் பேர்ல போடணும், அவங்க ஆதார், ஸ்மார்ட் கார்டு, ஒரு போட்டோ, அப்புறம் சம்பள சீட்டு இல்லாததால சுய உறுதிமொழி. போடும்போது குடுக்குற போன் நம்பர் அத்தானோடதா இருக்கட்டும், கடைக்காரன் நம்பர் போட்டுட்டான்னா மெசேஜ் எல்லாம் அவனுக்கு போயிரும். அது வில்லேஜ் ஆபீசர் VAO, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் RI, அப்புறம் மண்டல துணை தாசில்தார்னு மூணு கை மாறி வரும், ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகலாம், VAO கூப்பிட்டு விசாரிச்சாருன்னா மேல நான் போட்ட அதே கணக்க சொல்லுங்க. ஒரு வருஷம் தான் அது செல்லும். போன வருஷம் பீடி ஸ்காலர்ஷிப்புக்கு எடுத்தத பெட்டியில இருந்து எடுத்து நீட்டாத, தேதிய பாரு.

பீடின்னதும் ஞாபகம் வந்துச்சு. உன் பீடி கார்டு வச்சு போன வருஷம் எட்டாவதுக்கு 1500 வந்துச்சுல்ல. ஒன்பதாவதுக்கு 2000. இது ரெண்டும் ஒரே சைட்ல தான் அப்ளை பண்ணனும், scholarships.gov.in, அதுல ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு ஒண்ணு தான். யூனியன் ஆபீஸ்ல பழக்கத்துல அதையே திரும்ப போட்டு விட்டுருவாங்க, போட்டுட்டா 12,000 விட்டு 2000 வாங்குன கதை ஆயிரும். இந்த வருஷம் அங்க மகேஸ் பேர குடுக்காத. சின்னவனுக்கு மட்டும் போடு.

மத்த பேப்பர் பெருசா ஒண்ணும் இல்ல. ஏழாவது எட்டாவது மார்க் லிஸ்ட், சாதி சான்றிதழ், அந்த ஸ்கூல்ல தான் படிக்கான்னு ஹெட்மாஸ்டர் குடுக்குற போனஃபைடு, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம். சாதி சான்று நம்மகிட்ட பழைய அட்டை தான இருக்கு, ஆன்லைன் சான்று இல்லன்னா அதையும் இ-சேவையில அதே நாள்ல போட்டுருங்க, ரெண்டு தடவ அலைய வேண்டாம்.

இனிமே தான் தலைவலி. பேர். ஸ்கூல்ல கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வச்சிருக்க EMIS-ல MAHESWARI M, ஆதார்ல MAHESHWARI, நடுவுல ஒரு H கூட இருக்கு, பேங்க்ல போன வருஷம் என்ன போட்டாங்கன்னே தெரியல. நமக்கு எல்லாம் ஒரே மகேஸ்வரி தான், கம்ப்யூட்டருக்கு அது மூணு பிள்ளை. ஆதார்ல உள்ளத வச்சு தான் ஸ்காலர்ஷிப் சைட்ல ரெஜிஸ்டர் ஆகும், அதனால ஒண்ணு ஆதார மாத்தணும், இல்ல மத்த ரெண்டையும் ஆதார் மாதிரி ஆக்கணும். பத்தாவது சர்டிபிகேட்ல என்ன பேர் வருமோ அது தான் ஆயுசுக்கும், அதனால ஸ்கூல் பேர அப்படியே விட்டுட்டு ஆதார்ல அந்த H-அ எடுத்துருவோம்னு நான் நினைக்கேன். அந்த போட்டோவையும் மாத்தணும்க்கா, அஞ்சு வயசுல எடுத்தது, ரெட்டை சடை போட்டு அழுதுட்டு இருப்பாளே. இப்ப ரெஜிஸ்டர் பண்ணும்போது போன் கேமராவுல முகத்த காட்டி ஆதாரோட ஒத்துப்போகுதான்னு பாக்காங்க, அந்த போட்டோவ வச்சு எப்படி ஒத்துப்போகும். 15 வயசுல கைரேகை கண் எல்லாம் எப்படியும் புதுப்பிக்கணும், அவளுக்கு இன்னும் சில மாசம் இருக்கு, ஆனா இதுக்காக போட்டோவ இப்பவே மாத்திருவோம்.

அந்த சைட்ல ரெஜிஸ்டர் பண்ணி முடிஞ்சதும் OTRனு ஒரு ரெஜிஸ்டர் நம்பர் வரும், 14 இலக்கம். அத மகேஸ் நோட்டுல ஒரு தடவ, வீட்டு காலண்டர் பின்னாடி ஒரு தடவ எழுதி வைங்க, நாலு வருஷத்துக்கும் அதே நம்பர் தான்.

பேங்க் அக்கவுண்ட் மகேஸ் பேர்ல இருக்கணும், அத்தான் அக்கவுண்ட்ல போட முடியாது. அக்கவுண்ட் இருந்தா மட்டும் போதாது, ஆதார் சீடிங் ஆயிருக்கான்னு கேக்கணும். ஆதார் லிங்க் ஆயிருக்கான்னு கேட்டா கவுண்டர்ல இருக்கவங்க ஆமாம்பாங்க, ஆனா அது வேற இது வேற. லிங்க்னா உன் அக்கவுண்ட்ல ஆதார் நம்பர் எழுதி வச்சிருக்காங்க, சீடிங்னா அரசாங்க பணம் வந்தா எந்த பேங்குக்கு அனுப்பணும்னு எல்லா பேங்குக்கும் பொதுவான NPCI-ல பதிஞ்சிருக்கு. DBT பணம் வர்ற மாதிரி சீடிங் பண்ணி குடுங்க சார்னு கேளு, ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. பேங்க்ல இழுத்தடிச்சா போஸ்ட் ஆபீஸ்ல பேமென்ட்ஸ் பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிக்கலாம், நம்ம போஸ்ட்மேனே போன்ல போட்டு குடுத்துருவாரு.

கடைசி தேதிய டீச்சர்கிட்ட கேட்டு குறிச்சு வைங்க. நம்ம போட்டதும் வேலை முடியல, முதல்ல ஸ்கூல்ல சரிபாக்கணும், அப்புறம் மாவட்டத்துல சரிபாக்கணும், ரெண்டு பேரும் ஓகே குடுத்தா தான் பணம். அதனால போட்ட மறுநாளே ஹெட்மாஸ்டர் டீச்சர போய் பாத்து, டீச்சர் எங்க பிள்ளைக்கு போட்டாச்சு, லாகின்ல பாத்து அனுப்பிருங்கன்னு சொல்லிட்டு வா. கூச்சப்படாத. எதாவது தப்பு இருந்தா திருப்பி அனுப்புவாங்க, அத திருத்தி போடணும், அதுக்கும் நாள் வேணும்ல.

இதுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ்னு ஒத்த பைசா கிடையாது, கம்ப்யூட்டர் சென்டர்காரன் டைப் பண்ண கூலி கேட்டா குடு. ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து பேசுதோம், OTP சொல்லுங்கன்னு போன் வந்தா வச்சுரு.

இப்ப அத்தான் கேக்கணும். அத்தான், பத்தாவது முடிஞ்சதும் மகேஸ டவுன்ல பிரைவேட் ஸ்கூல்ல 11 சேக்கணும், கடன் வாங்கியாவது சேக்கணும்னு பொங்கலுக்கு சொன்னீங்க. ஆசை நல்ல ஆசை தான், நான் குறை சொல்லல. ஆனா இந்த ஸ்காலர்ஷிப் கவர்மென்ட் ஸ்கூல், உதவி பெறும் ஸ்கூல்ல படிக்குற வரைக்கும் தான். பிரைவேட்டுக்கு போன அன்னைக்கே நின்னுரும், கேந்திரிய வித்யாலயா, நவோதயான்னு போனாலும் நின்னுரும். ஒரு தடவ நின்னா திரும்ப வாங்க வழியே கிடையாது, அடுத்த வருஷமே திரும்ப கவர்மென்ட் ஸ்கூலுக்கு வந்தாலும் கிடையாது. இங்க என்கூட வேலை பாக்குறவர் பையனுக்கு அப்படி தான் ஆச்சு, 11ல மாத்திட்டு ரெண்டு வருஷ பணம் 24,000 போச்சு, ஃபீஸ் வேற தனி.

24,000 மட்டும்னா நானே போனா போகட்டும்னு சொல்லுவேன். 6ல இருந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்ச பிள்ளைக்கு தான் மெடிக்கல், இன்ஜினியரிங்ல அந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு. காலேஜ் போனதும் மாசம் 1000 வர்ற புதுமைப் பெண் திட்டமும் கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைன்னு தான் அவளுக்கு வரும். அவ டாக்டருக்கு படிக்கணும்னு சொல்லிட்டு திரியுதா, ரெண்டு வருஷத்துக்காக அந்த கதவ நம்மளே சாத்திரக்கூடாது அத்தான். அந்த ஃபீஸ் காசுல வேணா ஒரு நல்ல டியூஷன் வைங்க, பாதி நான் தாரேன்.

அடுத்தடுத்த வருஷம் எப்படின்னா, இந்த சைட்டுல ரின்யூவல்னு இருக்கும், அது தான் போடணும், புதுசுன்னு போடக்கூடாது. 9ல இருந்து 10க்கு முதல் தடவையிலயே பாஸ் ஆகணும், 11ல இருந்து 12க்கும் அதே மாதிரி. நடுவுல பத்தாவது தான் முக்கியம், பப்ளிக்ல 60 சதவீதம் எடுத்தா தான் 11ல தொடரும், அதாவது 500க்கு 300. எஸ்.சி, எஸ்.டி பிள்ளைகளுக்கு 5 சதவீதம் குறைச்சு 275, மகேஸ் கிளாஸ்ல அந்த லிஸ்ட்ல இருக்க பிள்ளைங்க வீட்லயும் சொல்லிரு. மகேஸ் 300 எடுத்துருவா, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா இத சொல்லி சொல்லி அவள பயமுறுத்தாதீங்க. எனக்கு பயம் எல்லாம் நம்ம தேதிய விட்டுருவோமோன்னு தான். ஒரு வருஷம் ரின்யூவல் போடாம விட்டாலும் நின்னு போச்சுன்னு தான் அர்த்தம். வருஷா வருஷம் ஸ்கூல் திறந்ததும் ஜூன்லயே டீச்சர்கிட்ட கேட்டுருங்க.

வர்ற சனிக்கிழமை எனக்கு லீவு, வெள்ளி ராத்திரி பஸ்ல வாரேன். நீ அதுக்குள்ள மகேஸோட பாஸ்புக்க மட்டும் தேடி எடுத்து முதல் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு, அதுல H இருக்கா இல்லையான்னு பாத்துட்டு தான் ஆதார் சென்டருக்கு போகணும். அத்தான் சனிக்கிழமை ஒரு நாள் வேலைக்கு போகாம இருக்கட்டும், இ-சேவையில அவங்க போன்ல தான் OTP வரும். போன சார்ஜ் போட்டு கொண்டுவர சொல்லு, போன தடவ மாதிரி அங்க போய் செத்து போயிரப்போகுது.