அப்பாவின் 75க்கு நாலு வாழ்த்து, வேண்டியது ஒன்று

தம்பி,

நீ அனுப்பிய நாலு வாழ்த்தையும் நேற்றிரவு அப்பா படுத்த பிறகு குசினிக்குள் இருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மெல்லத்தான் வாசித்தேன், ஆனாலும் சின்னவள் எழும்பி வந்துவிட்டாள். ஆக, என்னோடு சேர்த்து மூன்று பேர். தங்கச்சிக்கும் இதையே அனுப்புகிறேன். அவளும் ஒத்துக்கொண்டால் சரி.

முதலாவதைப் பற்றிக் கனக்கச் சொல்ல ஒன்றுமில்லை.

"எங்கள் அன்பு அப்பாவுக்கு இனிய 75ஆவது பிறந்தநாள் வாழ்த்துகள். நோய்நொடியின்றி நீண்ட ஆயுளுடன் வாழ நல்லூர்க் கந்தனை வேண்டுகிறோம்."

பிழை கிடையாது. ஆனால் அப்பாவை எடுத்துவிட்டு, சந்தியில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஐயாவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது. தங்கச்சி இதைத்தான் படத்தோடு பேப்பரில் போடுவோம் என்றாள். அப்பா முதலில் எவ்வளவு காசு என்று கேட்பார். பிறகு, நல்லூரில் அர்ச்சனை ஒரு ரூபாய்தானே, அதைச் செய்திருக்கலாமே என்று ஒரு கிழமைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது நீ மினக்கெட்டு எழுதியது என்று விளங்குகிறது.

"கொக்குவில் மண்ணின் குலவிளக்கே,
குடும்பம் காத்த தனிவிளக்கே,
எக்காலத்தும் எமைச் சுமந்த
ஏணியே, எங்கள் எந்தையே!"

எதுகை நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது வரியிலேயே அம்மா கன்னத்தில் கையை வைத்துவிட்டா. "உது கல்வெட்டு மாதிரியெல்லோ கிடக்கு. அந்தாள் இருக்கேக்கையே ஏன் எழுதுறான்?" என்று கேட்டா. அதற்குப் பிறகு எனக்கும் வேறுமாதிரிக் கேட்கவில்லை. விளக்கு, ஏணி, எந்தை எல்லாம் எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து 31ஆம் நாள் கையில் தருகிற கல்வெட்டுப் புத்தகத்தில்தான் வருகிற சொற்கள். அதோடு அப்பாவும் ஏணியும் சரிவராது. மாங்காய் பிடுங்கக்கூட உன்னைத்தானே ஏற்றுவார்.

மூன்றாவதைத் தாண்டி நாலாவதுக்குப் போகிறேன். நாலிலும் எழுத்து என்று பார்த்தால் அதுதான் மேல்.

"1995 ஒக்ரோபர் 30. மழை. ஒரு சைக்கிளில் எங்கள் வீடு முழுவதையும் கட்டினீர்கள். அரிசிப் பை, அம்மாவின் தையல் மெசின் தலை, அதற்கு மேல் தங்கச்சி. நாவற்குழி தாண்டும்வரை நீங்கள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அந்த இரவில் எங்களைச் சுமந்த கைகளுக்கு இன்று 75 வயது."

வாசித்து முடிக்க எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தா, ஒருவரும் தேத்தண்ணி கேட்கவில்லை. கடைசி வரியில் கைகளுக்கு 75 வயது என்பது கொஞ்சம் சோடித்தது போலத் தெரிகிறது. மற்றபடி ஒரு சொல்லும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் தம்பி, இது வேண்டாம். அப்பம்மா கண்ணை மூடியது அந்த இடப்பெயர்வில்தான். சாவகச்சேரியில் இருந்த அந்த ஆறு மாதத்தைப் பற்றி அப்பா இத்தனை வருசத்தில் என்னோடு ஒரு தரமும் வாய் திறந்ததில்லை. அவர் பூட்டி வைத்ததைக் கேக் வெட்டுகிற மேசையில் நாங்கள் திறக்கக் கூடாது. பிறந்தநாளுக்கு வந்த சனமெல்லாம் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி நிற்கும். எழுதியதை எறிந்துவிடாதே. உன்னிடமே இருக்கட்டும்.

இப்போது மூன்றாவது. நீ இதை அவசரத்தில் எழுதியிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

"அப்பா, கரண்ட் இல்லாத காலத்தில் கடையில் சைக்கிளைக் கவிழ்த்து வைப்பீர்கள். நான் பெடலைச் சுத்துவேன், டைனமோவில் ரேடியோ வேலை செய்யும். கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். சுத்தடா, சுத்தடா என்பீர்கள். கோபமே அறியாத, எங்களுக்காகவே உருகிய தியாகச் சுடரே, உலகமே எங்களுக்கு நீங்கள்தான்! பல்லாண்டு வாழ்க!"

சின்னவள் இதற்குத்தான் சிரித்தாள். அம்மப்பா சைக்கிளால் ரேடியோ போட்டவரோ என்று கேட்டு, டைனமோ என்றால் என்ன என்பதில் தொடங்கி அரை மணித்தியாலம் நித்திரை கொள்ள விடவில்லை. மருந்துக்கடை ஐயாவை இதற்குள் வைக்கவே முடியாது. அப்பாவும் சிரிப்பார் என்று நம்புகிறேன், அல்லது அந்த ரேடியோ இப்போது எங்கே என்று தேடத் தொடங்குவார். இதுதான் என்னுடைய தெரிவு, அம்மாவினதும்.

ஆனால் முதல் பாதி மட்டும்தான். தியாகச் சுடர் இரண்டாவது வாழ்த்தில் இருந்து தப்பி வந்தது, வெட்டிவிட்டேன். உலகமே நீங்கள்தான் என்பதை அம்மா பக்கத்தில் இருக்க எப்படி வாசிப்பாய்? கோபமே அறியாத என்று சொன்னால் ஒழுங்கை முழுக்கச் சிரிக்கும். வால்வு கட்டையைத் தொலைத்ததற்கு நீ வாங்கிய அடி எனக்கே இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. நீ எழுதாமல் விட்டதை அம்மா சொன்னா. செய்தி முடிந்ததும் அப்பா உன்னை எழுப்பிவிட்டு, தான் குந்தியிருந்து சுத்துவாராம், நீ பாட்டுக் கேட்பதற்கு. உனக்கு அது மறந்துபோயிற்றா, அல்லது பாட்டில் இருந்தபடியால் கவனிக்கவே இல்லையா தெரியாது. எனக்கும் அது தெரியாது, நானும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்திருப்பேன். ஜாம் போத்தல் விளக்கில் புத்தகத்துக்கு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அதைக் கடைசியில் வைத்தேன். வைத்த பிறகு வேறு புகழ்ச்சி தேவைப்படவில்லை. திருத்தியது இது:

"அப்பா, கரண்ட் இல்லாத காலத்தில் கடையில் சைக்கிளைக் கவிழ்த்து வைப்பீர்கள். நான் பெடலைச் சுத்துவேன், டைனமோவில் ரேடியோ வேலை செய்யும். கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். 'சுத்தடா, சுத்தடா' என்பீர்கள். அடியும் ஒன்றிரண்டு விழுந்திருக்கிறது. செய்தி முடிந்ததும் என்னை எழுப்பிவிட்டு, நீங்கள் இருந்து சுத்துவீர்கள், நான் பாட்டுக் கேட்க. அன்றைக்கு உங்கள் கை நோகுதோ என்று நான் கேட்கவில்லை. 75ஆவது பிறந்தநாள் வாழ்த்துகள் அப்பா. மூன்று பிள்ளைகளும்."

'கை நோகுதோ' என்பதை நான்தான் சேர்த்தேன். உனக்குப் பிடிக்காவிட்டால் எடு, ஆனால் அந்த இடத்தில் வேறொன்றும் போடாதே. 'என்பீர்கள்' என்பதை வாசிக்கும்போது வாய்க்கு வந்தபடி 'எண்டுவியள்' என்றே சொல்லு. எழுத்தில் இருப்பது அட்டைக்கு.

சின்னவளைக் கொண்டு வாசிப்பிக்கலாம் என்றாய். பெடலைச் சுத்தியவன் நீ, ஆகையால் நீயே வாசிக்க வேண்டும். நான் சத்தமாக வாசித்துப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. லைன் அறுந்தால் வாசிக்க நான் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருப்பேன். கண் ஒப்பரேசனுக்குப் பிறகும் அப்பாவுக்குச் சின்ன எழுத்துப் பிடிபடுவதில்லை, அந்த அட்டையையே அவரிடம் கொடுத்துவிடலாம்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போய் வந்து எட்டு மணிக்குக் கேக். உனக்கு ரொறன்ரோவில் சனி இரவு பத்தரை. தங்கச்சிக்கு லண்டனில் விடியப்புறம் மூன்றரை, அலாரம் வைக்கச் சொல்லு, நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அக்கா