டீச்சர் மாடல்

ஆடி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. மன்னார்குடியில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. வசந்தியின் கடையிலும் மிஷினுக்கு ஓய்வுதான். அந்த நேரம் பார்த்துத் தையல் சாமான் கடைப் பையன் வந்து சீட்டை நீட்டினான். பாக்கி 6,240 ரூபாய்.

"இந்த வாரமே வேணுமாம்க்கா."

வைகாசியிலும் ஆனியிலும் ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் அவள் கடையைச் சாத்தியதே இல்லை. அப்படி உழைத்தும் ஜூன் மாதம் மகனின் பள்ளிக்கூடப் பணத்துக்குத் தோட்டை அடகு வைக்க வேண்டியிருந்தது. வந்த காசெல்லாம் எங்கே போயிற்று?

அளவு நோட்டை எடுத்தாள். நீளமான நோட்டு, எண்ணெய்க் கறை படிந்த அட்டை. பக்கத்துக்குப் பக்கம் குண்டூசியில் குத்திய துணித் துண்டு, அதன் கீழே உயரம் 14, மார்பு 36, கை 10, பக்கத்தில் வாங்கிய கூலி. பாதிப் பக்கங்களில் ‘டீ.மா.’ என்று எழுதியிருந்தது. டீச்சர் மாடல்.

ஒரு டீச்சருக்கு லைனிங் வைத்து, போட் நெக், முதுகில் குஞ்சம் கட்டி ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்ததில் தொடங்கியது அது. அந்தப் பள்ளிக்கூடமே திரண்டு வந்தது. அப்புறம் அவர்கள் வீட்டுக் கல்யாணங்கள். லைனிங், குஞ்சம் எல்லாம் கடையே போட்டு 400 ரூபாய் என்று 2021இல் சொன்னதுதான், இன்றுவரை அதே விலை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு ஜாக்கெட்டுக்கு எழுதிப் பார்த்தாள். லைனிங் ஒரு மீட்டர் 75. பைப்பிங், கேன்வாஸ் 25. குஞ்சம் ஜோடி 40. ஹூக், நூல் 10. எம்மிங் செய்து ஹூக் கட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 40. தைக்கும் செல்விக்கு 220.

கூட்டினால் 410 வந்தது.

தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி கூட்டினாள். அதே 410. இதில் கடை வாடகை இல்லை, கரண்ட் இல்லை, அவள் நின்று வெட்டிய நேரமும் இல்லை. முதலில் அவளே தைத்துக்கொண்டிருந்தபோது செல்வியின் 220 வெளியே போகவில்லை. அதனால் கையில் ஏதோ நிற்பதுபோல் இருந்தது. நின்றது அவளுடைய சொந்தக் கூலி, அதுவும் அரைகுறையாக.

செல்வியின் கூலியைக் குறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பொங்கலுக்குத்தான் 180ஐ 220 ஆக்கிக் கொடுத்தாள், அதையும் செல்வி மூன்று தடவை தயங்கித் தயங்கிக் கேட்டபிறகு. அந்தப் பேச்சு வேண்டாம்.

பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினாள். இரண்டு மாதத்தில் 62 டீச்சர் மாடல். அதில் 400 கொடுத்தவர்கள் 23 பேர்தான். மற்ற 39க்கும் "நமக்குள்ள என்ன" என்று 350. பழகிய முகத்திடம் ஐம்பது ரூபாய்க்குக் கறாராக நிற்க எந்தத் தையல்காரிக்கு வரும்? ஆக 2,570 ரூபாய் கைக்காசு போயிருந்தது.

அதை ஈடுகட்டியது எது என்று பார்த்தால் சிரிப்புதான் வந்தது. சேலைக்கு ஃபால்ஸ் அடித்தது. 80 ரூபாய் கூலியில் துணி, நூல், கை வேலை எல்லாம் 50 போனால் 30 நிற்கிறது. அப்படி 118 சேலை. யாரும் போட்டோ எடுத்து அனுப்பாத வேலை. வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சலித்துக்கொண்டே வாங்கிப் போட்ட வேலை.

ஆடி கடைசியில் டீச்சரே வந்தார். மூன்று பட்டுச் சேலைகளை மேசையில் வைத்தார்.

"ஆவணியில தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வசந்தி. மூணும் நம்ம மாடல்தான்."

வசந்தி இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். "லைனிங்கும் குஞ்சமும் நீங்க வாங்கிக் குடுத்துடுங்க டீச்சர். தையல் மட்டும் 400."

"என்னம்மா, திடீர்னு ஏத்திட்ட?"

"ஏத்தலை டீச்சர். இவ்வளவு நாள் கணக்குப் பாக்கலை."

டீச்சர் பதில் சொல்லாமல் சேலை முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தார். நோட்டைத் திறந்து காட்டலாம் என்று கை போனது, வசந்தி காட்டவில்லை. பேசாமல் இருந்தால் 350க்கு இறங்கிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. எழுந்து போய் ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவிட்டு வந்தாள்.

"சரி, முகூர்த்தத்துக்குக் கட்டறதுக்கு ஒண்ணு அப்படியே தை. மத்த ரெண்டுக்கும் இருக்கற ஜாக்கெட்டையே போட்டுக்கறேன். மூணு சேலைக்கும் ஃபால்ஸ் மட்டும் அடிச்சிரு."

டீச்சர் படியிறங்கியதும் செல்வி மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒண்ணுதானாக்கா?"

வசந்தி புதுப் பக்கத்தில் துணித் துண்டைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுதான். மூணு ஃபால்ஸ்."