எல்லோருக்கும் அடிப்படை வருமானம் வறுமையைக் குறைக்கும்: ஒட்டிப் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மல்லிகை வாங்க முதல் இல்லாத அக்கா, கையில் 900 வாங்கி, சாயங்காலம் 1000 திருப்பித் தருகிறார். நாள் முழுக்கக் கட்டிய பூவின் லாபம் வட்டிக்காரர் பைக்குப் போகிறது. அடிப்படை வருமானமாக அரசிடமிருந்து மாதாமாதம் நிச்சயமாக ஒரு தொகை வந்தால், அந்த 900 அவருடைய சொந்தப் பணம். வறுமை குறைவது அங்கேதான்.

"சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள்" என்றார் எதிரணி நண்பர். 2011-இல் மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு 8 கிராமங்களில் எல்லோருக்கும் மாதப் பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு முதலில் 200 ரூபாய்தான். உழைப்பு குறையவில்லை, கூலிக்குப் போனவர்கள் பலர் சொந்த நிலத்தில் கூடுதலாகப் பாடுபட்டார்கள்.

சரி, பணக்காரருக்கும் எதற்கு? அவரிடம் வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தகுதிப் பட்டியல் போட்டால், காகிதம் இல்லாத ஏழையே முதலில் விடுபடுகிறார். 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு மனு தள்ளுபடியாகி, மேல்முறையீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். அவர்களிடம் எதிரணியினர் என்ன பதில் சொல்வார்கள்?