தாவர ஒட்டுண்ணி நெமற்றோடுகள்: வாழ்க்கை வட்டமும் சேத அறிகுறிகளும்

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான தமிழ்மொழித் துணை விரிவுரை, கொழும்பு

உங்கள் முன்னுள்ள மேசையில் இரண்டு வெண்டிச் செடிகளை வைத்திருக்கிறேன். இரண்டும் பிலியந்தலையில் ஒரு வீட்டுத்தோட்டத்தில், ஒரே பாத்தியில், ஒரே நாளில் விதைக்கப்பட்டவை. ஒன்று இடுப்பளவு உயர்ந்து காய்த்திருக்கிறது. மற்றது முழங்காலளவில் நின்றுவிட்டது. அதன் கீழிலைகள் மஞ்சளித்திருக்கின்றன. மண் ஈரமாக இருந்தபோதும் அச்செடி நண்பகலில் வாடி, வெயில் தணிந்ததும் நிமிர்ந்துவிடும் என்றும், இரண்டு முறை யூரியா இட்டும் பயன் கிடைக்கவில்லை என்றும் அத்தோட்டத்தைப் பார்த்துவரும் அம்மா சொன்னார். இலைகளை மட்டும் பார்ப்பவர் நைதரசன் குறைபாடு என்றே எழுதுவார். வேரைக் கழுவிப் பார்த்தால், உருத்திராட்ச மணிகளைக் கோத்ததுபோல அதில் வீக்கங்கள் வரிசையாக நிற்பது தெரியும். நிலத்துக்கு மேலே தெரிகின்ற அறிகுறிகளுக்கான காரணம் வேரினுள்ளே, நெமற்றோடு தன் வாழ்க்கை வட்டத்தின் எந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. ஆகவே வட்டத்தையும் அறிகுறியையும் இரண்டு தனித்தனித் தலைப்புகளாக மனனம் செய்யாமல், ஒன்றிலிருந்து மற்றதைப் பெற்றுக்கொள்ளும் முறையில் படிக்க வேண்டும்.

நெமற்றோடுகள் துண்டங்களற்ற, நூல்போன்ற விலங்குகள். தாவரங்களைத் தாக்குபவையாக 4,100க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றர் அளவோ அதற்குக் குறைவோ நீளமுடையவை. உடல் ஒளியை ஊடுபுகவிடுவதால் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மண் துணிக்கைகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய நீர்ப்படலத்திலேயே அவை நகர்கின்றன. தாமாக அவை ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் மிகச் சிறிது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவற்றைக் கொண்டுசெல்பவை நாற்றும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணும், ஓடும் நீருமே. தாக்கம் வயல் முழுவதும் சீராக இல்லாமல் திட்டுத்திட்டாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

மண்ணில் சுயாதீனமாக வாழும் நெமற்றோடுகளிலிருந்து தாவர ஒட்டுண்ணிகளை வேறுபடுத்திக் காட்டும் உறுப்பு, வாயிலுள்ள குத்தூசி. ஊசிமருந்து ஏற்றும் ஊசியைப்போல் உள்ளே துளையுடைய இவ்வுறுப்பால் கலச்சுவர் துளைக்கப்படுகிறது. களச்சுரப்பிகளின் சுரப்புகள் அதன் வழியே கலத்தினுள் செலுத்தப்பட்டு, பின்னர் கலச்சாறு உறிஞ்சப்படுகிறது. செலுலோசைச் சிதைக்கும் நொதியத்தைச் சிறைப்பை நெமற்றோடுகள் தாமே உற்பத்தி செய்கின்றன என்பது 1998இல் நிறுவப்பட்டது. அதற்குரிய பரம்பரையலகுகள் தொல்காலத்தில் பற்றீரியாக்களிலிருந்து கிடைத்தவை எனக் கருதப்படுகிறது. ஒரு விலங்கு தாவரத்தின் கலச்சுவரைக் கரைக்கும் கருவியைப் பற்றீரியாவிடமிருந்து பெற்றுக்கொண்டது என்பது, இத்துறையில் எத்தனை ஆண்டு கழித்தாலும் என்னை வியக்கவைக்கும் செய்தி.

எல்லாத் தாவர ஒட்டுண்ணி நெமற்றோடுகளுக்கும் பொதுவான வாழ்க்கை வட்டம் எளிமையானது: முட்டை, நான்கு இளம்பருவங்கள், நிறையுடலி. ஒவ்வொரு பருவத்துக்கும் இடையில் தோல்கழற்றல் நிகழ்வதால் மொத்தம் நான்கு தோல்கழற்றல்கள் உண்டு. பெரும்பாலான இனங்களில் முதலாவது தோல்கழற்றல் முட்டையினுள்ளேயே முடிந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவருவது இரண்டாம் இளம்பருவம். குடம்பி என்ற சொல்லைச் சிலர் பயன்படுத்தினாலும், இளம்பருவங்கள் உடலமைப்பில் நிறையுடலியை ஒத்திருப்பதாலும் இங்கே உருமாற்றம் நிகழாததாலும் இளம்பருவம் என்ற சொல்லையே விடைத்தாளில் எழுதுங்கள்.

இந்தப் பொது வட்டத்தை வேர்முடிச்சு நெமற்றோடான மெலோய்டொகைனி எவ்வாறு தனக்கேற்பத் திரித்துக்கொண்டது என்பதை விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் நம் வெண்டி, கத்தரி, தக்காளி, வாழை ஆகிய அனைத்திலும் நீங்கள் முதலில் சந்திக்கப்போவது இதுதான். பெண் நெமற்றோடு செலற்றின் போன்ற ஒரு திணிவினுள் சில நூறு முட்டைகளை இடுகிறது. இத்திணிவு முட்டைகளை உலர்வதிலிருந்து காக்கிறது. வெளிவந்த இரண்டாம் இளம்பருவம் ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் நீளமுடையது. அது தன் உடலில் சேமித்துள்ள கொழுப்பைச் செலவிட்டுக்கொண்டே வேரைத் தேடுகிறது. கொழுப்புத் தீர்வதற்குள் வேரை அடையாவிட்டால் இறந்துவிடும். வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் உட்புகும் இளம்பருவம், கலங்களைக் கிழிக்காமல் அவற்றின் இடையே நுழைந்து, முதலில் நுனியை நோக்கிக் கீழிறங்கி, பிரியிழையத்துக்கு அருகே திரும்பி, கலனிழையத்தினுள் மேலேறுகிறது. அகத்தோலில் உள்ள கஸ்பாரியன் கீலம் அதற்குத் தடையாகிவிடாதிருக்கவே இந்தச் சுற்றுவழி.

அங்கே அது நிலைகொண்டு, தலையைச் சுற்றியுள்ள ஐந்து முதல் ஏழு வரையான கலங்களைத் தெரிந்தெடுத்து அவற்றினுள் சுரப்புகளைச் செலுத்துகிறது. அக்கலங்களில் கருப்பிரிவு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது, ஆனால் கலம் இரண்டாகப் பிரிவதில்லை. இவ்வாறு பல கருக்களும் அடர்ந்த குழியவுருவும் கொண்ட இராட்சதக் கலங்கள் தோன்றுகின்றன. இக்கலங்களே நெமற்றோட்டின் ஒரே உணவுமூலம் என்பதால் அவை உயிரோடிருக்கும்வரைதான் அதுவும் உயிரோடிருக்கும். எனவே இது தாவரத்தைக் கொல்ல முயலும் ஒட்டுண்ணியன்று. வேரின் ஊட்டத்தைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டு அதை வாழவைக்கும் ஒட்டுண்ணி இது. சூழவுள்ள கலங்கள் பெருத்தும் பெருகியும் வளர்வதால் வெளியே தெரியும் முடிச்சு உருவாகிறது.

உணவுண்ணத் தொடங்கியதும் இளம்பருவம் நகரும் ஆற்றலை இழந்து கொத்தவரைபோல் பருக்கிறது. பின்னர் குத்தூசியின்றி, உணவின்றி, மூன்றாம் நான்காம் பருவங்களை விரைவாகக் கடந்து பேரிக்காய் வடிவப் பெண்ணாகிறது. ஆண் மீண்டும் நூல்வடிவம் பெற்று வேரைவிட்டு வெளியேறிவிடும். நமது வெப்பமான சூழலில் மிகப் பரவலாகக் காணப்படும் மெலோய்டொகைனி இன்கொக்னிற்றா கன்னிப்பிறப்பால் பெருகுவதால், ஆண் இல்லாமலே தலைமுறை தொடர்கிறது. உணவு குறையும்போதும் வேரில் நெருக்கம் மிகும்போதும் ஆண்களின் விகிதம் உயர்கிறது. 27 பாகை செல்சியஸ் அளவில் ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ நான்கு வாரங்கள் போதும். கொழும்பைச் சூழ்ந்த தாழ்நில ஈரவலயத்தில் மண் வெப்பநிலை ஆண்டு முழுவதும் இவ்வளவுக்கு அண்மையில் இருப்பதால், ஒரு வெண்டிப் பயிர்க்காலத்தில் மூன்று தலைமுறைகள் கூட எழலாம். ஒரு பெண்ணிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டுப் பாருங்கள்.

நுவரெலியாவின் குளிர்ந்த மண்ணில் உருளைக்கிழங்கைத் தாக்கும் பொன்னிறச் சிறைப்பை நெமற்றோடான குளோபோடெரா ரொஸ்ரோக்கியென்சிஸ் வேறொரு உத்தியைக் கையாளுகிறது. இதன் இளம்பருவம் கலங்களைத் துளைத்துக்கொண்டே செல்கிறது. இது தெரிவுசெய்த கலத்தின் சுவர்கள் அயற்கலங்களோடு கரைந்து ஒன்றாகி, பல்கருக் கூட்டுக்கலமாகின்றன. இராட்சதக் கலத்தில் பல கருக்கள் தோன்றுவது கருப்பிரிவால், கூட்டுக்கலத்தில் அவை சேர்வது கலங்கள் இணைவதால். பரீட்சையில் ஆண்டுதோறும் குழப்பப்படும் வேறுபாடு இது. பருத்த பெண்ணின் உடல் வேரை வெடித்து வெளித்தள்ளி, வெண்மையிலிருந்து பொன்மஞ்சளாகி, இறந்தபின் கபிலநிறக் கடினச் சிறைப்பையாகிறது. அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் பொருள்கள் கிடைக்கும்வரை அவற்றுட் பெரும்பாலானவை பொரிப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலும் அவை மண்ணில் உயிர்ப்போடு காத்திருக்கக்கூடும்.

ஓரிடத்தில் தங்காமல் அலையும் அகவொட்டுண்ணிகளுக்கு இவ்வளவு நுட்பமான ஏற்பாடு கிடையாது. வாழையைத் தாக்கும் துளைக்கும் நெமற்றோடான றடோபோலஸ் சிமிலிஸும், நமது மலைநாட்டுத் தேயிலையின் முக்கிய எதிரியான வேர்ப்புண் நெமற்றோடு பிராற்றிலெங்கஸ் லூசியும் வேரின் மேற்பட்டையில் கலங்கலமாக உண்டு, கொன்று, முன்னேறுகின்றன. பின்னையதன் இனப்பெயர், இலங்கைத் தேயிலையில் நெமற்றோடுகளை ஆராய்ந்த லூஸ் என்பவரின் நினைவாக 1960இல் இடப்பட்டது. இவற்றில் நிறையுடலியும் இளம்பருவங்களும் நூல்வடிவிலேயே இருக்கும். பெரும்பாலான பருவங்கள் வேருக்குள் புகவும் வெளியேறவும் வல்லவை. உணவுதந்த கலம் உயிரோடிருப்பதில் இவற்றுக்கு நாட்டமில்லை. ஆகவே இங்கே முடிச்சு தோன்றாது. செங்கபில நிறப் புண்கள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து கறுத்து, வேர் அழுகும். வாழையில் நங்கூரமாகும் வேர்கள் இற்றுப்போவதால், குலை தள்ளிய மரம் ஒரு காற்றோடு வேரோடு சாய்ந்துவிடுகிறது. புறவொட்டுண்ணிகள் வேருக்கு வெளியே நின்று குத்தூசியை மட்டும் உட்செலுத்துகின்றன. அவை வேர்நுனியைச் சிதைப்பதால் வேர்கள் குட்டையாகித் தடிக்கின்றன. அவற்றுள் சிபினெமா இன்டெக்ஸ், திராட்சையின் விசிறியிலை வைரசைக் கடத்துவது 1958இல் காட்டப்பட்டது. நெல்லின் வெண்நுனி நோயைத் தரும் அபலெங்கோயிடஸ் பெசேயி போன்ற, இலையிலும் விதையிலும் வாழும் சில இனங்கள் இருப்பதையும் மறவாதீர்கள்.

இப்போது மேசையிலுள்ள செடிக்குத் திரும்புவோம். இராட்சதக் கலங்கள் உருவான இடத்தில் காழ்க் கலன்களின் தொடர்ச்சி குலைகிறது. நீர் போதிய வேகத்தில் மேலேறாததால், ஆவியுயிர்ப்பு உச்சமாகும் நண்பகலில் செடி வாடி, மாலையில் மீள்கிறது. நைதரசன் மண்ணில் இருந்தும் உறிஞ்சப்படாததால் கீழிலைகள் மஞ்சளிக்கின்றன. இலையில் உருவான உணவு முடிச்சை நோக்கி இழுக்கப்படுவதால் தண்டும் காயும் வளர்வதில்லை. யூரியா இட்டும் பயனில்லாமற்போனதன் காரணம் இப்போது தெளிவாகும்: குறைபாடு மண்ணில் இல்லை, உறிஞ்சும் உறுப்பில் இருக்கிறது. நெமற்றோட்டின் காயமும் மாறிய வேர் இழையமும் வாடல் நோய்ப் பற்றீரியாவுக்கும் பியூசேரியம் பங்கசுக்கும் வழிவகுப்பதால், செடி மாலையில் மீளாமல் முற்றாகச் சாய்ந்தால் இரண்டாவது நோய்க்காரணி சேர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

அவரையினப் பயிர்களில் ஓர் எச்சரிக்கை. பயற்றையின் வேரில் காணும் வீக்கமெல்லாம் நெமற்றோடு அல்ல. றைசோபியம் வாழும் வேர்ச்சிறுகணு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும்; விரலால் தேய்த்தால் எளிதில் கழன்றுவிடும்; வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நெமற்றோட்டு முடிச்சு வேரே பருத்ததால் ஆனது. வேரை அறுக்காமல் அதைக் கழற்ற முடியாது. நன்மை செய்யும் சிறுகணுவை நோயென்று கருதி ஒரு விவசாயியின் பயிரைப் பிடுங்கச் சொல்வது மன்னிக்க முடியாத தவறு.

அடுத்த செயன்முறை வகுப்பில் இச்செடியின் முடிச்சுகளை ஊசியால் கீறி, வெண்முத்துப்போன்ற பெண்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வெளியே எடுப்போம். பேர்மன் 1917இல் அறிமுகப்படுத்திய புனல் முறையால் மண்ணிலிருந்து இளம்பருவங்களைப் பிரித்தெடுப்போம். நகரும் நெமற்றோடுகளே புனலின் அடியில் சேரும், பெண்களும் சிறைப்பைகளும் சேரமாட்டா என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சூழலிலிருந்து, நன்றாக வளரும் செடி ஒன்றின் அடியிலிருந்தும் வளர்ச்சி குன்றிய செடி ஒன்றின் அடியிலிருந்தும் மண்ணும் நுண்வேர்களும் தனித்தனி பொலித்தீன் பைகளில் எடுத்துவர வேண்டும். முற்றாக இறந்த செடியின் அடியில் எடுக்காதீர்கள். உணவு தீர்ந்த இடத்தை நெமற்றோடுகள் விட்டுச்சென்றிருக்கும். பைகளை வெயிலிலோ பேருந்தின் இயந்திரச் சூட்டிலோ வைக்காமல், நிழலில் கொண்டுவாருங்கள்.