தொழில் சுருக்கம்: கணக்கு உத்தியோகத்தர்

ஏ.ஏ.டி. இறுதிநிலை சித்தி (2007). யாழ்ப்பாணத்தில் கட்டடப் பொருள் மொத்த விற்பனை நிறுவனமொன்றில் 2006 முதல் 2014 மார்ச் வரை, முதலில் கணக்கு எழுதுநராகவும் கடைசி 4 வருடங்கள் கணக்குப் பகுதிப் பொறுப்பாளராகவும் வேலை செய்தேன். மூத்த பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டேன். இப்போது பிள்ளைகள் இருவரும் பாடசாலை செல்வதால் முழுநேர வேலைக்குத் திரும்புகிறேன்.

என் பலம் மாதமுடிவு வேலை: காசேடு, 3 வங்கிக் கணக்குகளின் இணக்கக்கூற்று, கடன்பட்டோர் வயதுப் பட்டியல், பரீட்சை மீதி. ஒவ்வொரு மாதமும் 7ஆம் திகதிக்குள் இவற்றை முடித்துக் கொடுத்தேன். கடனுக்கு விற்கும் கடைகளில் கணக்குப் பிழைக்கும் இடம் பெரும்பாலும் பின்திகதியிட்ட காசோலைதான். அதைத் தனிப் பதிவேட்டில் திகதி வாரியாக வைத்து, வங்கியில் இடும் நாளில் மட்டுமே காசேட்டில் பதிவேன். திரும்பி வந்த காசோலையை அன்றைக்கே வாடிக்கையாளர் கணக்கில் மீளப் பற்று வைப்பேன். ஒரு கிழமை தாமதித்தாலும் அவர் கடன் தீர்ந்தவராகத் தெரிவார், திரும்பவும் கடனுக்குச் சாமான் போய்விடும்.

42 பேருக்குச் சம்பளப்பட்டியல் தயாரித்திருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8%, தொழில்வழங்குநர் 12%, நம்பிக்கை நிதிக்கு 3%: இந்த வீதங்கள் இன்றும் அவையே. ரூபா 45,000 சம்பளத்துக்கு முறையே 3,600, 5,400, 1,350. வாழ்க்கைச் செலவுப் படியைச் சேர்க்காமல் விடுவதும் மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். அவற்றைச் சரிபார்த்த பிறகே பட்டியலை ஒப்பத்துக்கு அனுப்புவேன்.

நான் விலகியபோது பெறுமதி சேர் வரி 12%, இன்று 18%. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டுவிட்டது. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5% வந்திருக்கிறது. உழைக்கும்போதே செலுத்தும் வரியின் இடத்தில் இப்போது முற்பண வருமான வரி. 2025 ஏப்ரல் முதல் மாதம் ரூபா 150,000 வரை அதில் பிடிப்பு இல்லை. இந்த மாற்றங்களை வரிசையாகப் படித்து, மாதிரிச் சம்பளப்பட்டியல்களில் கணித்துப் பழகியிருக்கிறேன். இறைவரித் திணைக்களத்தின் இணையவழி விவரத்திரட்டை மட்டும் இன்னும் நேரடியாகச் சமர்ப்பித்ததில்லை. முதல் தடவை மேற்பார்வையோடு செய்ய விரும்புகிறேன்.

இடைவெளியில் எங்கள் கிராம மாதர் அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக 5 வருடங்கள் சுழற்சிக் கடன் கணக்கை வைத்திருந்தேன். 60 அங்கத்தவர், ஒவ்வொரு வருடமும் கணக்காய்வில் மீதி பொருந்தியது. எக்செல்லில் SUMIFS, XLOOKUP, பிவட் அட்டவணை தடையின்றிச் செய்வேன். குவிக்புக்ஸில் அடிப்படைப் பயிற்சி முடித்தேன்.

கொக்குவிலில் வசிக்கிறேன். திங்கள் முதல் சனி வரை வரலாம். பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டி வர அம்மா இருக்கிறா. மார்ச் வருடமுடிவில் மாலை 7 மணி வரை நிற்க முடியும்.